யார் பணம் என்பது ஒரு கேள்வி, எந்த பில்லுக்கு என்பது வேறு கேள்வி

கேள்வி: ஐயா, ஈத்தாமொழி பக்கம் தேங்காய் நார்க் கயிறு மொத்த வியாபாரம் செய்கிறேன். போன திங்கட்கிழமை என் கணக்கில் நெஃப்ட் வழியாக 60,000 ரூபாய் வந்திருக்கிறது. அனுப்பியவர் பெயர் எனக்குத் தெரியாத பெயர். மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடை எனக்கு மூன்று பில் பாக்கி வைத்திருக்கிறது: 118-ஆம் பில் 28,350, 124-ஆம் பில் 33,600, 131-ஆம் பில் 40,950. கயிறு காய்ந்தபின் எடை குறைந்தது என்று 118-இல் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர்தான் யாரையோ விட்டுப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பழைய பில்லில் கழித்துக்கொண்டு ரசீது அனுப்பிவிடலாமா? போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்றும் தயக்கம்.

பதில்: ரசீதை இப்போது அனுப்ப வேண்டாம். இந்தப் பணம் அந்தக் கடைக்காரர் சார்பில் வந்ததுதானா என்பது முதலில் தீர வேண்டும்; எந்த பில்லில் வரவு வைப்பது என்பது அதன் பிறகே எழும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தனி உரிமையாளர் நடத்தும் கடைகளில் பலகையில் ஒரு பெயரும், வங்கிக் கணக்கில் உரிமையாளரின் சொந்தப் பெயரும் இருப்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். ஜிஎஸ்டி இணையதளத்தில் `Search Taxpayer` பகுதியில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால், `Trade Name` என்ற இடத்தில் கடைப் பெயரும் `Legal Name of Business` என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரும் தெரியும். உங்கள் பாஸ்புக்கில் உள்ள பெயர் அதுவாகவே இருந்தால் 'அறியாத ஆள்' என்ற பேச்சே இல்லை. அது வேறு பெயர் என்றால், அவருக்குப் பணம் தர வேண்டிய ஒப்பந்தக்காரர் ஒருவரை நேராக உங்களுக்கே போடச் சொல்லியிருக்கலாம்; மைத்துனர் கணக்கிலிருந்து அனுப்பியிருக்கலாம்; அவருக்கும் இந்தப் பணத்துக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே முதல் கேள்வியில் தொகையையும் அனுப்பியவர் பெயரையும் நீங்கள் சொல்லிவிடக் கூடாது. தக்கலையில் ஓடு வியாபாரம் செய்யும் ஒருவர், இன்னார் பெயரில் இவ்வளவு வந்திருக்கிறது, உங்களுடையதா என்று இரண்டு வாடிக்கையாளர்களிடம் கேட்டார். இருவருமே ஆம் என்றார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை, இருவரும் அந்த வாரம் யாரிடமோ பணம் போடச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். விவரத்தை அவர் வாயிலிருந்து வரவழைப்பதே சரி. முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்:

"அண்ணாச்சி, வணக்கம். உங்கள் கடைக் கணக்கிற்காக நீங்களோ, உங்கள் பேரில் வேறு யாருமோ சமீபத்தில் எங்கள் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பியிருந்தால் தேதி, தொகை, அனுப்பியவர் பெயர், யூடிஆர் எண் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன். உங்கள் கணக்கில் பிழையின்றி வரவு வைக்கவே கேட்கிறேன்."

நெஃப்ட் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் பொதுவாக 16 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அவர் அனுப்புவது உங்கள் வங்கி அறிக்கையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் பணம் எந்த வழியில் வந்தது என்பது உறுதியாகிவிடும். அதோடு, 'இந்தத் தொகை என் பாக்கிக்காக என் சார்பில் இன்னார் செலுத்தியது' என்று ஒரு வரி அவரிடம் எழுதி வாங்குங்கள். இந்த வரியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 41-ஆம் பிரிவின்படி, ஒருவர் தர வேண்டியதை மூன்றாம் ஆளிடமிருந்து நீங்கள் ஏற்றுக்கொண்டால் அதையே மறுபடி அவரிடம் கேட்க முடியாது. அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எழுத்து எதுவும் இல்லாமல் பாக்கியைக் கழித்து ரசீதும் கொடுத்துவிட்டு, பிறகு அந்த மூன்றாம் ஆள் 'தவறிப் போட்டேன்' என்று வந்து நின்றால், இரண்டு பக்கமும் இழுபடுவது நீங்கள்தான்.

கடைக்காரர் 'எனக்குத் தெரியாது' என்றாலோ பதிலே சொல்லாவிட்டாலோ, பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் நிறுத்தி, வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இந்தக் கேள்வியில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, தவறுதலாக அனுப்பிவிட்டேன், வேறொரு கணக்கிற்குத் திருப்பி அனுப்புங்கள் என்றால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். மோசடிப் பணத்தைக் கை மாற்றுபவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். பிறகு முடங்குவது உங்கள் கணக்கு. திருப்புவதானால் வந்த கணக்கிற்கே, வங்கி மூலமாக மட்டுமே திருப்ப வேண்டும்.

பணம் அவர் சார்பில் வந்ததுதான் என்று உறுதியான பின் இரண்டாவது கேள்விக்கு வரலாம். 60,000 என்பது உங்கள் மூன்று பில்களின் எந்தக் கூட்டுத்தொகையோடும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய பில்லிலிருந்து கழித்தால் 118 முழுதும் தீர்ந்து 124-இல் 1,950 மட்டும் நிற்கும். ஆனால் எடைப் புகார் முடியும்வரை 118-ஐத் தொட வேண்டாம் என்பது அவர் எண்ணமாக இருந்தால், 124 முழுதும் தீர்ந்து, மீதி 26,400 ரூபாய் 131-இல் சேர்ந்து, அதில் 14,550 நிற்கும். இரண்டு வழியிலும் மொத்தப் பாக்கி 42,900 தான் என்றாலும், அவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. 118 தீர்ந்ததாக ரசீது கொடுத்தால், புகாரை அவரே கைவிட்டதாக எழுதிக் கொடுத்தது போலாகும். அவர் மனம் வருந்தினால் நீங்கள் கேட்டதற்காக அல்ல, இப்படிக் கேட்காமல் கழித்ததற்காகவே வருந்துவார்.

எனவே மூன்று பில்களின் எண், தேதி, தொகை ஆகியவற்றை எழுதி, "இந்த 60,000 ரூபாயை எந்த பில்லில் எவ்வளவு வரவு வைக்க வேண்டும் என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும். 118-ஆம் பில்லின் எடை குறித்த உங்கள் புகார் இதனால் முடிந்ததாக நாங்கள் கருத மாட்டோம்" என்று கேளுங்கள். இந்தக் கடைசி வரி இருந்தால் அவர் தயங்காமல் பதில் சொல்வார். அவர் பில்லைக் குறித்துச் சொன்னால், பணத்தை ஏற்ற நீங்கள் 59-ஆம் பிரிவின்படி அதற்கே வரவு வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்தும் எதுவும் தெரியாமலும் இருந்தால்தான் 60-ஆம் பிரிவு தேர்வை உங்களிடம் தருகிறது. அப்போதும் தவணை முடிந்து செலுத்த வேண்டியதாகிவிட்ட பில்லில்தான் வைக்கலாம். 131-க்குக் கடன் நாள் இன்னும் மீதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை டேலியில் வைத்திருந்தால், ஆள் தெரிந்து பில் தெரியாத இந்த ஏழு நாட்களுக்கு அவர் பெயரில் `On Account` என்று வையுங்கள். பதில் வந்ததும் `Agst Ref` என்று மாற்றி, பில் எண்களைத் தாருங்கள். ரசீதில் பணம் செலுத்தியவர் பெயர், யார் சார்பில், யூடிஆர் எண், எந்த பில்லுக்கு எவ்வளவு என்பவற்றோடு, தீராத பில்களின் நிலுவையையும் எழுதுங்கள். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை அவர் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். 118 தனியே நிற்கிறது என்றால் அதன் 180-ஆம் நாள் எது என்பதையும் அவருக்குச் சொல்லி, அதற்கு முன்பே எடைக் கணக்கைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.