விலைக் குறைப்பை மறுக்கும் கடிதம்: எதை மறுக்கலாம், எதை மறுக்கக் கூடாது

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே சிறிய மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பெங்களூருவில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு, அவர்களுடைய லேபிளிலேயே 850 கிராம் டின்னை 96 ரூபாய் விலையில் ஓராண்டு ஒப்பந்தத்தின்படி கொடுத்து வருகிறேன். அடுத்த மாதம் முதல் 11 சதவீதம் குறைத்துத் தர வேண்டும் என்றும், 7 நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம் என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். ஏற்கெனவே அனுப்பிய 15,000 டின்களுக்கு வர வேண்டிய பணத்திலும் அதே விகிதத்தில் பிடிப்பார்களாம். நான் ஒப்புக்கொண்ட 10,000 டின் ஆர்டர் ஒன்றும் நிலுவையில் இருக்கிறது. மறுத்துக் கடிதம் எழுத வேண்டும், எப்படி எழுதுவது?

பதில்: முதலில் மின்னஞ்சலை ஒதுக்கி வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்து, விலைத் திருத்தம், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளுதல், அறிவிப்பு ஆகிய மூன்றைப் பற்றிய வாசகங்களையும் படியுங்கள். விலையை வாங்குபவர் மட்டும் திருத்தலாம் என்று அதில் எழுதப்படாத வரை, இரு தரப்பும் சம்மதிக்காமல் விலை மாறாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 62 ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு இருவரின் உடன்பாட்டைக் கேட்கிறது. ஆனால் 60 நாள் முன்னறிவிப்பில் எவரும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தால், 96 ரூபாய் விலைக்கு உங்களுக்குள்ள காப்பு உண்மையில் அந்த 60 நாள்தான். அதற்குப் பிந்தைய ஆர்டரை உங்களுக்கே தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகே கடிதம் எழுத வேண்டும்.

‘பதில் வராவிட்டால் சம்மதம்’ என்ற வாசகத்துக்குத் தனியே வலு கிடையாது. ஒருவர் பேசாமல் இருப்பதையே ஒப்புதலாக ஆக்கும் உரிமை கேட்பவருக்கு இல்லை. ஆனாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். செயலால் சம்மதம் தெரிவிப்பதைப் பிரிவு 8 ஏற்கிறது. 85.44 ரூபாய் என்று அச்சிட்ட புதிய ஆர்டருக்கு மறுப்பின்றிச் சரக்கு அனுப்பி, அதே விலையில் இன்வாய்ஸும் போட்டுவிட்டால், நீங்கள் குறைப்பை ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதிட அதுவே போதும். இத்தகைய வழக்குகளில் சிறு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் கடிதத்தால் தோற்பதில்லை, இன்வாய்ஸால் தோற்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான தவறு, கோபத்தில் ‘இனி சரக்கு அனுப்ப மாட்டோம்’ என்று எழுதிவிடுவது. ஒப்புக்கொண்ட 10,000 டின்களை அனுப்ப மறுத்தால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பிரிவு 39-இன்படி அவர்கள் அதை முடித்துக்கொண்டு நஷ்டஈடும் கேட்கலாம். ஆகவே உங்கள் கடிதம் புதிய விலையை மறுக்க வேண்டும். சரக்கை மறுக்கக் கூடாது.

செலவுக் கணக்கையும் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பெங்களூரா மாங்காயைப் பருவத்தில் என்ன விலைக்கு வாங்கினீர்கள், டின்னுக்கும் டீசலுக்கும் என்ன ஆயிற்று என்று விவரித்தால், உங்கள் லாபம் எவ்வளவு என்பதை அவர்களுக்கு நீங்களே சொன்னதாகிவிடும்; அடுத்த பேரம் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கும். ‘தற்போதைக்கு இயலாது’, ‘5 சதவீதம் வரை யோசிக்கலாம்’ போன்ற சொற்களும் வேண்டாம். எதிர்காலத்துக்குக் குறைந்த விலை தர உண்மையிலேயே விருப்பம் இருந்தால், எத்தனை டின்னுக்கு, எந்தத் தேதி வரை என்ற நிபந்தனைகளோடு அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.

பிடித்தத்தைப் பொறுத்தவரை உங்கள் நிலை இன்னும் வலுவானது. 15,000 டின்களுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 14,40,000 ரூபாய் வர வேண்டும்; அவர்கள் பிடிக்க நினைப்பது 1,58,400 ரூபாய். முடிந்துபோன விற்பனையின் விலையை அவர்கள் அனுப்பும் டெபிட் நோட் மாற்றாது. அதற்கு ஈடாக உங்களிடம் கிரெடிட் நோட் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் குறைப்புக்கு நீங்களே கையெழுத்திட்டது போலாகும், கொடுக்காதீர்கள். நீங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கும். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகும். ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டிப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது; ஒப்பந்தத்தில் 60 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். உத்யம் பதிவு சரக்கு அனுப்பும் முன்பே பெற்றதா என்று தேதியைச் சரிபாருங்கள். பிறகு பெற்றதாக இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

‘உங்கள் மின்னஞ்சலைப் பெற்றோம். நம்மிடையே நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின்படி 850 கிராம் மாங்கூழ் டின்னின் விலை 96 ரூபாய். நீங்கள் கேட்டுள்ள 11 சதவீதக் குறைப்பை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் மௌனத்தையோ, இனி நாங்கள் அனுப்பும் சரக்கையோ இக்குறைப்புக்கான சம்மதமாகக் கொள்ளக் கூடாது. நாங்கள் ஒப்புக்கொண்ட 10,000 டின் ஆர்டரை, குறித்த தேதியில், ஒப்பந்த விலையில் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறோம். ஏற்கெனவே நீங்கள் பெற்றுக்கொண்ட 15,000 டின்களுக்கான 14,40,000 ரூபாயையும் அதற்குரிய ஜிஎஸ்டியையும் பிடித்தமின்றி, சட்டம் கூறும் காலக்கெடுவுக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். பதிவு எண் மேலே தரப்பட்டுள்ளது.’

மிரட்டலோ மன்றாட்டோ இதில் தேவையில்லை. ஒப்பந்தத்தில் அறிவிப்புக்கென்று குறித்துள்ள முகவரிக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, அவர்கள் எழுதிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகவும் 7 நாள் முடியும் முன் அனுப்பிவிடுங்கள். கொள்முதல் அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினால், பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள்.

அடுத்து நடக்கக்கூடியது ஒன்றை எதிர்பார்த்திருங்கள். அவர்களுடைய கணினியில் விலையை 85.44 என்று மாற்றிவிட்டு, உங்கள் இன்வாய்ஸ் பொருந்தவில்லை என்று கிடங்கு வாசலிலேயே லாரியைத் திருப்பி அனுப்பலாம். அவசரத்தில் இன்வாய்ஸை மாற்றி எழுதிவிடாதீர்கள். திருப்பியதற்கான காரணத்தை வாசலில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் லாரி ரசீது, இ-வே பில், ஓட்டுநர் காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒப்பந்தப்படி கொண்டு சென்ற சரக்கை அவர்கள் வாங்க மறுத்தால், அனுப்பாத குற்றம் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 38-இன்படி உங்கள் மேல் விழாது. அந்த டின்களில் அவர்களுடைய வணிகக் குறி இருப்பதால் அவர்கள் எழுத்தில் அனுமதிக்காமல் வெளியே விற்காதீர்கள். அனுமதி கேட்டு எழுதுங்கள். அனுமதித்தால் லேபிளை மாற்றி விற்று, ஒப்பந்த விலைக்குக் குறைவாகக் கிடைத்த வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேளுங்கள்.

45 நாள் கடந்தும் பணம் குறைந்தே வந்தால், வட்டியோடு சேர்த்து குறு, சிறு நிறுவனங்கள் வசதி மன்றத்தில் முறையிடுங்கள். ஒப்பந்தத்தில் பெங்களூரு நீதிமன்றம் என்று எழுதியிருந்தாலும், சப்ளையர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே இதில் அதிகாரம் உண்டு என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 18. மனு தயாரிப்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். ஒப்பந்தம், இன்வாய்ஸ்கள், சரக்கு ஏற்றதற்கான ரசீதுகள், அவர்கள் மின்னஞ்சல், உங்கள் மறுப்புக் கடிதம் ஆகிய ஐந்தையும் இப்போதே ஒரே கோப்பில் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள்.