குளோரீன் மூலிகம் முதலில் எதைப் பிடிக்கிறது?

மதிப்பிற்குரிய சேர்,
நான் திருகோணமலையில் உயர்தரம் படிக்கிறேன். மெதேனின் குளோரினேற்றத்தில் பரம்பல் படிகளை Cl• + CH₄ → CH₃Cl + H• என்றும் H• + Cl₂ → HCl + Cl• என்றும் எழுதினேன். புள்ளி கிடைக்கவில்லை. இரண்டையும் கூட்டினால் புத்தகத்திலுள்ள அதே சமன்பாடுதான் வருகிறது. அப்படியானால் என் படிகளில் என்ன பிழை? விளைவுகளில் எதேன் எங்கிருந்து வருகிறது?
உயர்தர மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கூட்டிப் பார்த்துச் சமன்பாட்டைச் சரிபார்த்தது நல்ல பழக்கம். ஆனால் மொத்தச் சமன்பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறோம் என்பதை மட்டுமே காட்டும். இடையில் மூலக்கூறுகள் சென்ற வழியை அது காட்டாது. வழியைத் தீர்மானிப்பவை பிணைப்புச் சக்திகள். மூல் ஒன்றுக்கு Cl–Cl பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 242 கிலோயூலும், மெதேனின் C–H பிணைப்பை உடைக்க 439 கிலோயூலும் வேண்டும். புதிதாக உருவாகும் H–Cl பிணைப்பு 431 கிலோயூலையும் C–Cl பிணைப்பு 350 கிலோயூலையும் வெளிவிடுகின்றன.

தொடக்கற் படியில் உங்களுக்குச் சந்தேகமில்லை என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்புவெளிக் கரையில் விழும் வெயிலில் 290 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி கிட்டத்தட்ட இல்லை. C–H பிணைப்பை உடைக்கும் சக்தி 272 நனோமீற்றர் ஒளிக்கே உண்டு என்பதாலும், மெதேன் அந்த ஒளியைக்கூட உறிஞ்சாது என்பதாலும், வெயிலில் மெதேன் அப்படியே இருக்கிறது. குளோரீனோ அண்மைப் புறவூதாவையும் ஊதா, நீல ஒளியையும் உறிஞ்சுகிறது. பிணைப்பு சமமாகப் பிளந்து, ஒவ்வொரு அணுவும் ஓர் இலத்திரனை எடுத்துக்கொண்டு, இரண்டு Cl• தோன்றுகின்றன. (இந்த வாயுக் கலவை நேரடி வெயிலில் வெடிக்கக்கூடியது. ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

இனி உங்கள் முதற்படி. அதில் 439 கிலோயூல் செலவாகி 350 மட்டுமே திரும்புகிறது. அதாவது படி 89 கிலோயூல் மேல்நோக்கி ஏறுகிறது. ஒரு படியின் ஏவற்சக்தி அப்படி உறிஞ்சும் சக்தியைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பதால், இங்கே தடை குறைந்தது 89 கிலோயூல். மாறாக, Cl• ஐதரசனைப் பிடித்தால், Cl• + CH₄ → HCl + CH₃• என்ற படி 8 கிலோயூல் மட்டுமே ஏறுகிறது, அதன் ஏவற்சக்தியும் ஏறத்தாழ 16 கிலோயூல்தான். இரண்டு தடைகளுக்கும் இடையிலுள்ள 73 கிலோயூல் வித்தியாசத்தை 25 பாகை செல்சியசில் அரேனியசு சமன்பாட்டில் இட்டால், மற்றக் காரணிகள் சமமென்று கொண்டாலும், உங்கள் வழி இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்திலேயே நடக்கும். அதைவிட, மெதேனில் காபன் நான்கு ஐதரசன்களால் சூழப்பட்டிருக்கிறது; வெளியிலிருந்து வரும் அணு முதலில் மோதுவதும் ஐதரசனைத்தான்.

இப்படி உருவான CH₃• ஒரு குளோரீன் மூலக்கூறைச் சந்தித்து, CH₃• + Cl₂ → CH₃Cl + Cl• எனத் தாக்கம் புரிந்து 108 கிலோயூலை வெளிவிடுகிறது. செலவான Cl• மீண்டும் கிடைப்பதால் சங்கிலி தொடர்கிறது. ஓர் ஒளித்துணிக்கை பல்லாயிரம் மெதேன் மூலக்கூறுகளை மாற்றக்கூடும்.

எதேன் உருவாவது முடிவுறுத்தற் படியில். மூலிகங்கள் எந்தக் கணத்திலும் மிக அரிதாகவே இருப்பதால், ஒரு மூலிகம் சந்திப்பது பெரும்பாலும் சாதாரண மூலக்கூறையே. எப்போதாவது இரண்டு மூலிகங்கள் மோதினால் Cl₂, CH₃Cl, CH₃–CH₃ ஆகியவற்றில் ஒன்று உருவாகிச் சங்கிலி அறுகிறது. விளைவில் எதேன் சுவடளவே காணப்படுவதற்குக் காரணம் இந்த அரிதான சந்திப்பு. ஆனால் அந்தச் சுவடு பெறுமதியானது: இரண்டு CH₃• இணைந்தால் எதேன் இயல்பாகக் கிடைக்கும், உங்கள் வழியிலோ CH₃• தோன்றவே இல்லை. ஒட்சிசன் சிறிது கலந்திருந்தால் தாக்கம் தாமதிப்பதும் இதனோடு பொருந்துகிறது. CH₃• ஒட்சிசனுடன் சேர்ந்து, தாக்குதிறன் குறைந்த CH₃OO• ஆகிவிடுகிறது. ஒட்சிசன் தீர்ந்த பின்னரே சங்கிலி வேகம் பெறுகிறது.

விடைத்தாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். Cl• மெதேனை மட்டும் தேடுவதில்லை, உருவான CH₃Cl இலிருந்தும் ஐதரசனைப் பிடிக்கும். அதனால் சம மூல் எடுத்தால் CH₂Cl₂, CHCl₃, CCl₄ ஆகியவையும் கலந்தே கிடைக்கும். CH₃Cl பிரதான விளைவாக வேண்டுமானால் மெதேன் பெருமளவு மிகையாக இருக்க வேண்டும். வினாவில் அந்த நிபந்தனை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே விளைவை எழுதுங்கள்.