வாடகை உயர்வுக்குப் பதில் கடிதம்: எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

கேள்வி: ஐயா, புது வண்ணாரப்பேட்டையில் 2016 முதல் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முதலில் போட்ட 11 மாத அக்ரிமென்ட்டோடு சரி, அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. 2022-ல் வாடகை 11,000 ஆனது. இப்போது அடுத்த மாதம் முதல் 15,000 வேண்டும் என்று ஓனர் கடிதம் கொடுத்துவிட்டார். ஒரு மாதம்கூட தவறாமல் 5-ஆம் தேதிக்குள் அவர் மகனுக்கு ஜிபே செய்துவிடுவோம். இரண்டு முறை வெள்ளையடித்து, பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டு, மோட்டார் மாற்றி, 60,000 வரை எங்கள் கைக்காசு செலவு. வீட்டைச் சொந்த வீடு போலப் பார்த்துக்கொண்டோம், அதற்குக் கொஞ்சம்கூட நன்றி இல்லை. இதையெல்லாம் எழுதி உயர்வை மறுத்துப் பதில் கொடுக்கலாமா?

பதில்: நன்றி இல்லாதவர் என்பதை விடுங்கள். எந்த கோர்ட்டும் அதைக் கேட்காது. உங்கள் கேள்வியில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்: அக்ரிமென்ட்டை நீங்கள் புதுப்பிக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதம்தானே, பதிவு தேவையில்லை என்று பலரும் நினைப்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவை வைத்து. இந்தச் சட்டத்தில் 11 மாதத்துக்கும் விலக்கு இல்லை. பழைய வாடகைதாரர்களும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள அவகாசம் தந்தார்கள், அது முடிந்து வெகுநாள் ஆகிறது. ஒப்பந்தம் போடத் தவறியதே வீட்டைக் காலி செய்ய வைக்க ஒரு தனிக் காரணம் என்கிறது 21-ஆவது பிரிவு. நீங்கள் வாடகை பாக்கி வைத்தீர்களா, சுவரை இடித்தீர்களா என்ற கேள்வியே அங்கே எழாது.

ஆகவே உங்கள் ஓனருக்கு 15,000 கேட்க உரிமை உண்டா என்று என்னிடம் வாதம் கேட்டுப் பயனில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டதும் தவறாமல் கட்டியதும் பேரத்துக்கு நல்ல சரக்கு. உயர்வைத் தடுக்கும் உரிமையாக அவை ஆகாது.

இப்போது நான் பயப்படுவது உங்கள் பதில் கடிதத்தைத்தான். ஓனரின் வக்கீல் கோர்ட்டில் முதலில் நீட்டுவது பெரும்பாலும் வாடகைதாரரே கையெழுத்துப் போட்ட கடிதமாக இருக்கும். என்னிடம் வந்த ஒருவர், உங்களைப் போலவே, "நான் செலவு செய்த தொகையை வாடகையில் கழித்துக்கொள்கிறேன், உயர்த்திய வாடகைக்கு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ரிஜிஸ்டர் தபாலில் பெருமையாக அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வந்தார். சொன்னபடி இரண்டு மாத வாடகையையும் நிறுத்தியிருந்தார். ஒரே கடிதத்தில் இரண்டு காரணங்களை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்துக்கு மறுத்தது ஒன்று. இரண்டு மாத பாக்கி இன்னொன்று, அதுவும் அதே 21-ஆவது பிரிவில் காலி செய்யச் சொல்வதற்கான காரணம். டைல்ஸ் போட ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரா என்று கேட்டதற்கு, வாயால் சொன்னார் என்றார். கடையில் வாங்கிய பில் மட்டும் கையில் இருந்தது. ஓனர் சம்மதித்தார் என்பதற்கு அந்த பில் சாட்சி ஆகாது. கடைசியில் அவர் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் காலி செய்வதாக எழுதிக் கொடுத்து வெளியேறினார்.

எனவே உங்கள் கடிதத்தில் கழிக்கிறேன், பிடித்துக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்ற சொற்களே வரக்கூடாது. வெள்ளையடிப்பது சட்டத்தின் அட்டவணைப்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை, ஓனர் பொறுப்பு. குழாய், சுவிட்ச் போன்ற சின்னப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. அதனால் வெள்ளையடித்த செலவை நியாயமாகச் சொல்லிக் காட்டலாம். டைல்ஸை உங்கள் வசதிக்காகப் போட்டீர்கள் என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது, அதைக் கடிதத்தில் எழுதாமல் விடுங்கள்.

இன்னொரு குழி பணம் கட்டும் இடத்தில் இருக்கிறது. பேச்சு முடியும் முன்பே, சண்டை வேண்டாம் என்று ஒரு மாதம் 15,000 அனுப்பிவிட்டு அடுத்த மாதம் 11,000-க்குத் திரும்புவார்கள். அந்த ஒரு ஜிபே, புதிய வாடகையை நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டப்படும். பிறகு மாதம் 4,000 பாக்கி என்று கணக்கு ஏறும். உடன்பாடு ஆகும்வரை 11,000-ஐ அதே தேதியில் அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் செய்யுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் அதையும் திருப்பினால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். ஒரு மாதம்கூட சும்மா இருக்காதீர்கள்.

மகன் கணக்குக்கு அனுப்புவதும் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு உறவு கெட்டால், அது வேறு கொடுக்கல் வாங்கல் என்று சொல்லிவிட முடியும். ஆகவே பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து, வாடகை இன்னார் கணக்கில் செலுத்தப்பட்டு வருகிறது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். அவர் மறுக்காவிட்டால் அது பின்னால் உங்களுக்கு உதவும்.

தொகை விஷயத்தில் நான் சமாதானத்துக்குப் போகச் சொல்கிறேன். 11,000 என்பது 2022 விலை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது, உங்கள் பகுதி ஓனர்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். வருடம் 5 சதவீதம் என்று மூன்று வருடம் கணக்குப் போட்டால் 11,000 என்பது சுமார் 12,734 ஆகிறது. 12,750 என்று தொடங்குங்கள், 13,500 வரை ஏற ஒப்புக்கொள்ளுங்கள். வேறு வீடு பார்த்தால் அட்வான்ஸ், புரோக்கர், வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. 2016 முதல் குடியிருந்து வருகிறோம். வாடகை ரூ.11,000 மாதம்தோறும் 5-ஆம் தேதிக்குள் தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் மகனின் கணக்கில் செலுத்தப்பட்டு வருகிறது. வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்ததும் மோட்டார் மாற்றியதும் எங்கள் செலவில் நடந்தவை. இவற்றைக் கருதி, மாதம் ரூ.12,750 வாடகையில், வருடத்துக்கு 5 சதவீத உயர்வுடன், இரண்டு வருட ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம். கொடுத்துள்ள அட்வான்ஸ் தொகையையும் அதில் குறிப்பிட வேண்டுகிறோம். ஒப்பந்தம் ஆகும்வரை இப்போதைய வாடகை தொடர்ந்து செலுத்தப்படும்."

இதில் உயிர் 'நாங்கள் தயாராக இருக்கிறோம்' என்ற இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் போடாமல் இழுத்தவர் நீங்கள் இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம். அது ஒன்றே உங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி ஓய்ந்துவிடாதீர்கள். யார் மீது தவறு என்று கோர்ட் பெரிதாக ஆராயாமல் ஒப்பந்தம் இல்லை என்பதை மட்டும் பார்த்த வழக்குகளும் உண்டு. அதனால்தான் 750 ரூபாய்க்காக இழுக்காமல் கையெழுத்தை வாங்குங்கள் என்கிறேன்.

சம்மதித்தால் அன்றே விடாமல் tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்குங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி பீரோவில் வைத்த ஒப்பந்தம், பதிவு இல்லையென்றால், தேவைப்படும் நாளில் கோர்ட் சாட்சியமாக எடுக்காது. நடுவில் ஓனர் கோபத்தில் கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்தினால், 20-ஆவது பிரிவின் கீழ் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அதற்குப் பதிலடியாக வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அவரிடம் சேர்ந்ததற்கான அத்தாட்சியை நகலோடு பின் செய்து வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.