அறிக்கையை மாற்றி எழுதச் சொல்கிறார்கள், எழுதலாமா?

கேள்வி: நேபாளத்து முக்திநாத் கோயில் யாத்திரைக்கு வழிகாட்டியாகப் போனேன். கோயிலுக்குக் கீழே ஜோம்சோமில் தங்கிய இரவே ஒரு பெரியவருக்குத் தலைவலி, வாந்தி. காலையில் "சாமியைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார், கூட்டிப் போனேன். கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுபோய்க் காப்பாற்றினோம். அன்றே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை அனுப்பிவிட்டேன். இப்போது குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். இரவு வாந்தி எடுத்ததை நீக்கிப் புது அறிக்கை தரச் சொல்கிறார் முதலாளி. இவ்வளவு உழைத்ததற்கு இதுதான் மரியாதையா?

பதில்: மரியாதைக் கணக்கை முதலாளியிடம் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கே கேட்கப்போவது ஒன்றுதான்: வாந்தி எடுத்தது தெரிந்த பிறகு, காலையில் வண்டி கிளம்பும்வரை நீங்கள் என்ன செய்தீர்கள்? முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தலைவலியும் வாந்தியும் இருப்பவரைத் தங்கிய இடத்திலிருந்து மேலே ஏற்றக்கூடாது என்பது மலைப் பயணத்தின் அரிச்சுவடி. அவரே பிடிவாதம் பிடித்தார் என்பது ஓரளவுக்குத்தான் உதவும். ஆபத்தை எடுத்துச் சொன்னீர்களா, யார் முன்னால் சொன்னீர்கள், அவரிடம் எழுதி வாங்கினீர்களா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

புது அறிக்கை எழுதவே எழுதாதீர்கள். இதில் விழுந்த கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் அறிக்கை முதலாளி போனில் இருக்கிறது, அவர் அதை அலுவலகத்தில் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ அத்தனை போனிலும் இருக்கும். உடன் வந்த யாத்ரீகர்கள் வேறு சாட்சி. முரணான இரண்டு அறிக்கைகள் வெளியே வந்தால் கவனக்குறைவு வழக்கு, பொய்ச் சாட்சியம் உருவாக்கிய வழக்காகவும் மாறும். அதில் கையெழுத்து உங்களுடையது, முதலாளியுடையது அல்ல. விட்டுப்போன விவரம் இருந்தால், இன்றைய தேதி போட்டு 'கூடுதல் விவரம்' என்று தனியாக எழுதுங்கள். பழையதைத் தொடாதீர்கள்.

அதிலும் நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். "அவருக்கு ஏற்கெனவே பிபி இருந்ததாம்" என்று வழிகாட்டி போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பயணக் காப்பீட்டு நிறுவனம் முன்பே இருந்த நோயை மறைத்தார் என்று பணம் தர மறுக்கும். அப்புறம் ஹெலிகாப்டர் பில்லும் ஆஸ்பத்திரி பில்லும் யார் தலையில்? குடும்பம் நேரே ஏஜென்சி வாசலுக்குத்தான் வரும். கண்ணால் பார்த்ததை நேரத்தோடு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வாந்தி, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது. காதால் கேட்டது என்றால் யார் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதலாளியிடம் இதைக் காட்டுங்கள்: ஊழியரின் கவனக்குறைவுக்கு ஏஜென்சிதான் பொறுப்பு. முதல் அறிக்கையே ஏஜென்சியின் ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். இரவே தெரிந்தும் மேலே ஏற்றியதற்குச் சரியான பதில் இல்லையென்றால், காப்பீடு தராத பில் தொகையைக் கொடுத்து சமாதானம் பேசுவதே நல்லது. புகார் தர குடும்பத்தாருக்கு 2 வருடம் இருக்கிறது, தானாக ஆறிப்போகும் என்று காத்திருக்க வேண்டாம். ஏஜென்சிக்குப் பொறுப்புக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்திடம் கேட்காமல் ஒரு தொகையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. சமாதானப் பத்திரத்தில் ஏஜென்சியோடு உங்கள் பெயரையும் சேர்த்து விடுவித்ததாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.