மாவுக் கணக்குக்கு வகைக்கெழு எதற்கு?

"தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். U = min(x/4, y), U = 0.5x + y போன்ற கணக்குகளில் லாக்ராஞ்ச் முறையைப் போட்டால் விடை வரவில்லை. நோட்ஸில் இருக்கும் சூத்திரத்தைப் போட்டால் வருகிற விடை நம்பும்படி இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?"

முறைதான் தப்பு. லாக்ராஞ்ச் வேலை செய்ய வேண்டுமானால் சமநோக்கு வளைகோடு வழவழவென்று வளைந்து வந்து, விலைக் கோட்டை ஓரிடத்தில் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உங்கள் முதல் கணக்கில் அந்தக் கோடு சுவரும் தரையும் சேரும் மூலை மாதிரி முறிந்து நிற்கிறது. இரண்டாவதில் அது வெறும் நேர்கோடு, வளைவே கிடையாது. தொட்டுச் செல்லும் புள்ளியை இரண்டிலும் தேடிப் பயனில்லை.

முதல் கணக்கை அடுக்களையில் வைத்துப் பார்த்துவிடலாம். இட்லி மாவுக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று வைத்துக்கொள்வோம். x அரிசி, y உளுந்து, இரண்டும் கிலோவில். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 150 ரூபாய், கையில் 700 ரூபாய் இருக்கிறது. இதைவிட்டு வேறு விகிதத்தில் அரைக்கவே மாட்டேன் என்பவர்தான் இந்தக் கணக்கில் வரும் நுகர்வோர்.

2 கிலோ உளுந்து வாங்கிவிட்டார் என்றால், அரிசி 8 கிலோ வரும்வரை ஒவ்வொரு கிலோவும் அவருக்குக் கால் அளவு பயன்பாட்டைக் கூட்டும். 8 கிலோவைத் தாண்டியதும் கூடுவது பூஜ்யம். இடப்பக்கம் கால், வலப்பக்கம் பூஜ்யம் என்றால் சரியாக 8-இல் வகைக்கெழு என்ன? ஒரே பதில் இல்லை. வகைக்கெழு அங்கே இல்லவே இல்லை. ஆனால் சிறந்த கூடை அந்த முனையில்தான் இருக்கிறது. காரணம் எளிது: முனையைவிட்டு விலகினால் ஏதோ ஒரு பொருள் துணையில்லாமல் வீணாகக் கிடக்கும். அதற்குப் போட்ட காசில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கியிருந்தால் மாவு கூடியிருக்கும்.

ஆகவே முதலில் முனைக் கோட்டை எழுதுங்கள், அதாவது x/4 = y. அப்புறம் ஒரு செட்டுக்கு என்ன விலை என்று பாருங்கள். 4 கிலோ அரிசி 200 ரூபாய், 1 கிலோ உளுந்து 150 ரூபாய், ஆக 350. 700 ரூபாய்க்கு இரண்டு செட் கிடைக்கும். 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து. உளுந்து 300 ரூபாய்க்கு ஏறிவிட்டால் செட் 500 ரூபாய் ஆகும், 1.4 செட்தான் வாங்க முடியும்: 5.6 கிலோ அரிசி, 1.4 கிலோ உளுந்து. அளவு இறங்குகிறது, விகிதம் அசையவில்லை. உளுந்து விலை ஏறியதற்காக அரிசியை ஏற்றிப் போடுகிற ஆள் இவர் இல்லை. பதிலீட்டு விளைவு பூஜ்யம் என்று நூல்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் நோட்ஸ் சூத்திரம் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். இருபது வருடமாக ஜெராக்ஸ் கடைகளில் அதைப் பார்த்து வருகிறேன்:

```
x = y = M / (Px + Py)
```

வருமானத்தை இரு விலைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்லும் இது, ஒன்றுக்கு ஒன்று என்று சேரும் பொருள்களுக்கு மட்டும் சரி. இடது செருப்பு, வலது செருப்பு என்றால் தாராளமாகப் போடலாம். மாவுக்குப் போட்டால் 700-ஐ 200-ஆல் வகுத்து அரிசி மூன்றரை கிலோ, உளுந்தும் மூன்றரை கிலோ என்று வரும். அந்த மாவில் யார் இட்லி சுடுவது? சூத்திரம் எப்போது செல்லும் என்ற ஒரு வரியை நோட்ஸ் விற்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் அவர்களே வந்து 'ஷார்ட்கட் பேட்ச்' என்று இன்னொரு தொகை வாங்குகிறார்கள்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. 'நாலுக்கு ஒன்று' என்று கேள்வியில் பார்த்ததும் கை தானாக min(4x, y) என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் முனை 4x = y ஆகிறது. 1 கிலோ அரிசிக்கு 4 கிலோ உளுந்து! பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். எந்தப் பொருள் அதிகம் தேவையோ அதைத்தான் அந்த எண்ணால் வகுக்கிறோம். எழுதி முடித்ததும் x = 4, y = 1 என்று போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் இரண்டும் சமமாக வந்தால் சரி.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். x அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட், y ஒரு லிட்டர் பாக்கெட், இரண்டிலும் ஒரே எண்ணெய். விலை 70 ரூபாய், 130 ரூபாய். கையில் 910 ரூபாய். லாக்ராஞ்ச் போட்டால் முதல் சமன்பாடு λ = 1/140 என்கிறது, இரண்டாவது λ = 1/130 என்கிறது. x, y இரண்டுமே காணாமல் போய்விட்டன. இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் எங்கே நின்று பார்த்தாலும் 0.5. விலை விகிதம் 0.54 சொச்சம். இரண்டும் எங்கேயும் சமமாகாது. எனவே விடை விலைக் கோட்டின் ஏதோ ஒரு கோடியில் இருக்கிறது. எந்தக் கோடி? ஒரு ரூபாய்க்கு எவ்வளவு எண்ணெய் என்று பாருங்கள். எல்லாக் காசையும் சின்ன பாக்கெட்டில் போட்டால் 13 பாக்கெட், ஆறரை லிட்டர். பெரிய பாக்கெட்டில் போட்டால் 7 லிட்டர். எனவே x = 0, y = 7. அவ்வளவுதான்.

ஆனால் சின்ன பாக்கெட் சரியாக 65 ரூபாய் என்று கேட்டுவிட்டால்? மாணவர்கள் கவிழ்வது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். இப்போது எதை வாங்கினாலும் ரூபாய்க்கு ஒரே அளவு எண்ணெய். 14 சின்னது வாங்கினாலும் 7 லிட்டர், 7 பெரியது வாங்கினாலும் 7 லிட்டர், 4 சின்னதும் 5 பெரியதும் வாங்கினாலும் 7 லிட்டர். சமநோக்குக் கோடு விலைக் கோட்டின் மேலேயே படுத்துக்கொள்கிறது. எனவே 65x + 130y = 910 என்ற கோடு முழுவதுமே விடை. இதில் பாதிப் பேர் நடுப்புள்ளியைப் பிடித்து (7, 3.5) என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அந்தப் புள்ளி தப்பில்லை. அது மட்டும்தான் விடை என்பது தப்பு. விலை 65-க்கு ஐந்து காசு மேலே போனால் சின்ன பாக்கெட்டின் தேவை பூஜ்யம், ஐந்து காசு கீழே வந்தால் காசு முழுவதும் அதற்கே. சரியாக 65-இல் 0 முதல் 14 வரை எதுவும் இருக்கலாம். தேவைக் கோடு வரையச் சொன்னால் அந்த இடத்தில் படுக்கையாக ஒரு துண்டு வரும். அதை வரையாமல் தாவிவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் விடைத்தாளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முனைக் கணக்குக்கும் 'லாக்ராஞ்ச் சார்பு அமைத்தல் – 2 மதிப்பெண்' என்று அச்சடித்த விடைக்குறிப்பை நானே கையில் வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். இது தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டும் அதே தாள் வந்தது. அதனால் எண்ணெய்க் கணக்கில் சார்பை ஒரு வரியில் எழுதுங்கள், λ-வுக்கு இரண்டு மதிப்பு வருவதைக் காட்டுங்கள், 'எனவே உட்புறத் தீர்வு இல்லை' என்று எழுதிவிட்டு இரு கோடிகளையும் ஒப்பிடுங்கள். மாவுக் கணக்கில் அந்த வரிக்குப் பதிலாக, முனையில் வகைக்கெழு இல்லை என்பதை எழுதிப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். அந்த 2 மதிப்பெண் கிடைப்பது திருத்துபவரின் கையில்தான் இருக்கிறது.