ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு ஆன்லைன் மியூசியம்: எந்தப் பக்கத்த நம்பலாம்? கேள்வி பதில்

கேள்வி (ஒன்பதாம் கிளாஸ் மாணவி): அக்கா, ப்ராஜெக்ட்டுக்கு கிரிஸ்டல் கல்லுல செதுக்கின மண்டை ஓடு எடுத்திருக்கேன். ஒரு சைட்ல பழைய மெக்சிகோவோட ஆஸ்டெக் காலத்துதுன்னு இருக்கு, இன்னொன்னுல போலின்னு இருக்கு. எத எழுதுறது?

பதில்: நல்ல பொருளா எடுத்திருக்கம்மா. முதல்ல அந்தப் பொருள் இப்ப யார்கிட்ட இருக்குன்னு பாரு. பெரிய மண்டை ஓடு ஒன்னு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அவங்க சைட்டோட கலெக்‌ஷன் பகுதிக்குப் போயி crystal skull-னு தேடி அந்தப் பொருளுக்குன்னு இருக்கற தனிப் பக்கத்தத் திற. போட்டோவ விட்டுட்டு எப்படி வந்துச்சுங்கற வரிய முதல்ல படி. மண்ணுல தோண்டி எடுத்தாங்கன்னு எங்கயும் பதிவு இல்ல, 1897-ல டிஃபனிங்கற நகைக் கம்பெனிகிட்ட விலைக்கு வாங்கினதுதான், அதுக்கு முன்னாடி யூஜின் போபான்னு ஒரு பிரெஞ்சு பழம்பொருள் வியாபாரி கையில இருந்துச்சு. கிடைச்ச இடம் தெரியலன்னா காலத்த வெறும் தோற்றத்த வச்சுத்தான் சொல்லிருப்பாங்க, அங்கயே நமக்கு சந்தேகம் வரணும். பின்னாடி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்தப்ப சுத்துற சக்கரத்தால தேய்ச்ச கோடுங்க தெரிஞ்சுது, ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாடி மெக்சிகோவுல அந்த மாதிரி சக்கரக் கருவி கிடையாது. அதனால 19-ஆம் நூற்றாண்டுல செஞ்சதுன்னு முடிவு பண்ணாங்க. யார் செதுக்கினாங்கங்கறது இன்னும் தெரியாது, அத அப்படியே எழுது. ஆஸ்டெக்னு போட்ட சைட்ல இந்த வாங்கின கதை இருக்கான்னு தேடிப் பாரு, இருக்காது.

கேள்வி (ஒரு அப்பா): மியூசியத்தோட சொந்த சைட்டா இருந்தா போதும்ல மேடம், அதுல இருக்கறது எல்லாம் கரெக்ட்டாதான இருக்கும்?

பதில்: பாதி சரி சார். பொருள் அவங்ககிட்ட இருக்கு, பதிவு எண் இருக்கு, அதுவரைக்கும் நம்பலாம். பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற ரொசெட்டா கல்லுக்கு EA24-னு ஒரு எண், அத எந்தப் புத்தகத்துல பார்த்தாலும் அதே கல்லுதான்னு உறுதியாயிடும். ஆனா காலம், செஞ்சவர் பேரு, கிடைச்ச ஊரு இதெல்லாம் ஒருத்தரோட தீர்ப்பு, புது ஆய்வு வந்தா மாறும். இந்த மண்டை ஓட்டையே முன்னாடி ஆஸ்டெக்னு லேபிள் போட்டுத்தான் காட்சிக்கு வச்சிருந்தாங்க. "அநேகமா", "இருக்கலாம்"னு எழுதுற பக்கத்தப் பார்த்து பலவீனம்னு நினைக்காதீங்க, எனக்கு அந்தப் பக்கத்து மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி.

கேள்வி (ஓய்வுபெற்ற நூலகர்): ஒரு திருத்தம். நிறைய மியூசியங்கள்ல பழைய கார்டுல இருந்தத அப்படியே டைப் பண்ணி ஏத்திடறாங்க, நூறு வருஷத்துக்கு முந்தின கருத்து புதுசு மாதிரி தெரியும். பசங்களுக்கு இது எப்படித் தெரியும்?

பதில்: ரொம்ப சரி ஐயா, நான் அதச் சொல்லிருக்கணும். பசங்க அந்தப் பக்கத்துல கீழ இருக்கற கியூரேட்டர் குறிப்பையும் புத்தகப் பட்டியலையும் பார்க்கட்டும், கடைசியா வந்த புத்தகத்தோட வருஷம் ரொம்பப் பழசா இருந்தா கவனமா எடுத்துக்கணும். குறிப்பே இல்லாம பேரு, அளவு, போட்டோ மட்டும் இருந்தா அது இருப்புப் பட்டியல் அவ்வளவுதான், அத வச்சு ஒரு பத்திகூட எழுத வராது. ஆனா குறிப்பு எப்ப எழுதினதுன்னு போடாத சைட்டுங்கள என்ன பண்றதுன்னா என்கிட்ட முழு விடை இல்ல, மியூசியத்துக்கு மெயில் போட்டுக் கேக்கலாம், சில பேர் பதில் போடுறாங்க.

கேள்வி: எங்க வீட்ல தாத்தா வச்சிருந்த பழைய காசு ஒன்னு இருக்கு, போட்டோ அனுப்புனா ஒரிஜினலான்னு சொல்வீங்களா?

பதில்: போட்டோவ வச்சு சொல்ல முடியாதுங்க, எடையும் விளிம்பும் கையில பார்க்கணும். ஆன்லைன் கலெக்‌ஷன்ல அதே மாதிரி காசு தேடி எடை, விட்டம் ஒப்பிட்டுப் பாருங்க, ரொம்ப வித்தியாசம் இருந்தா சந்தேகப்படலாம். ஒத்துப்போனாலும் நிஜம்னு ஆயிடாது.

கேள்வி (டீச்சர்): 360 டிகிரி டூர் பார்த்துட்டு பசங்க அதையே சோர்ஸ்னு எழுதறாங்க. ஏத்துக்கலாமா?

பதில்: டூர்ல அறையும் கண்ணாடிப் பெட்டியும் தெரியும், லேபிள படிக்கக்கூட முடியாது பல நேரம். எத எடுக்கறதுன்னு முடிவு பண்ண அது போதும், தகவலுக்கு பொருளோட தனிப் பக்கத்துக்கு வரச் சொல்லுங்க. யூரோப்பியானா மாதிரி பல மியூசியத்த ஒன்னா சேர்த்துக் காட்டுற சைட்லயும் இதே கதைதான், அங்கேர்ந்து சொந்த மியூசியத்துக்குப் போற லிங்க் இருக்கும், அத அமுக்கிப் போயி அங்க இருக்கறதப் படிச்சுட்டு அந்த முகவரியையும் பதிவு எண்ணையும் எழுதணும். எண் எழுதாத சோர்ஸுக்கு நான்னா மார்க் போட மாட்டேன் டீச்சர்.

கேள்வி (அதே மாணவி): அப்ப போட்டோவ சார்ட்ல ஒட்டலாமா அக்கா?

பதில்: ஒவ்வொரு பக்கத்துலயும் உரிமம் போட்டிருக்கும், படிச்சுட்டு ஒட்டு. நியூயார்க் மெட் மியூசியத்துல CC0-ன்னு இருக்கற படத்த தாராளமா எடுக்கலாம், 2017-லேர்ந்து அப்படித் திறந்து விட்டிருக்காங்க. உன் மண்டை ஓட்டுக்கு பிரிட்டிஷ் மியூசியம் பேரையும் பதிவு எண்ணையும் படத்துக்குக் கீழயே எழுதிடு.