கல்லணைப் படம் கூகுள் ஸ்லைட்ஸில் ஓடவில்லையா? கேள்வி பதில்

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை: மேட்டூரிலிருந்து கடைமடை வரைக்கும் தண்ணி வர்ற பாதையைப் பவர்பாயின்டில் மார்ஃப் போட்டுச் செஞ்சேன் சார். கூகுள் ஸ்லைட்ஸில் ஏத்தினா படம் நகரவே இல்ல, சும்மா மாறுது. எங்கே தப்பு?

உங்க பக்கம் தப்பில்லைங்க டீச்சர். ரெண்டு ஸ்லைடிலும் ஒரே படம் வேறு வேறு இடத்தில் இருப்பதைப் பார்த்து, நடுவில் உள்ள நகர்வைக் காட்டும் நேரத்தில் பவர்பாயின்டே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த நகர்வு கோப்பில் எங்கும் எழுதப்படவில்லை. மார்ஃப் தெரியாத மென்பொருளுக்கென்று ஒரு சாதாரண ஃபேட் மட்டும் உள்ளே இருக்கும்.

நகர்வு அப்படியே வேண்டுமென்றால் கோப்பை நகலெடுத்து, மார்ஃப் உள்ள ஸ்லைடுகளை மட்டும் வைத்து `Create a Video` கொடுங்கள். வரும் எம்பி4 வீடியோவை டிரைவில் ஏற்றி, அங்கிருந்து ஸ்லைடில் சேருங்கள். ஆனால் அதில் பிறகு ஓர் எழுத்துகூடத் திருத்த முடியாது.

உங்கள் பாடத்துக்கு நான் வேறு வழியைத்தான் சொல்வேன். கல்லணை வரைபடத்தை அடியில் அசையாமல் வையுங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கையும் தனித்தனிக் கோடாக மேலே வரையுங்கள். முதல் கோட்டுக்கு `Fade in`, `On click`. அடுத்த இரண்டுக்கு `After previous`. கொள்ளிடத்துக்கு மட்டும் மறுபடி `On click` வையுங்கள். உபரி நீர்தானே அதில் போகிறது, வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது தட்டிக்கொள்ளலாம். பவர்பாயின்டின் `Wipe` கூகுளில் இல்லாததால் கோடு வளர்வது போல வராது. அது வேண்டுமென்றால் கோட்டை மூன்று துண்டாக்கி வரிசையாக வரவிடுங்கள்.

கும்பகோணம், கூட்டுறவுச் சங்க ஊழியர்: படம் கிடக்கட்டும் சார். எங்களுக்கு எழுத்தே போச்சு. காவிரின்னு இருந்த இடத்துல `fhtphp`ன்னு வருது.

பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஐயம் இருந்தால் ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், அங்கும் இப்படியே வந்தால் பழைய எழுத்துருதான்.

இடையில் ஒருவர்: `Embed fonts in the file` டிக் பண்ணா முடிஞ்சுதே அண்ணே?

பாதி சரி தம்பி. இன்னொரு கணினியில் பவர்பாயின்டிலேயே திறந்தால் உதவும், அதுவும் அந்த எழுத்துரு பதிக்க இடம் கொடுத்தால். கூகுள் ஸ்லைட்ஸ் அதை எடுத்துக்கொள்ளாது. ஏற்றுவதற்கு முன்பே எல்லா வரியையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் வழி. நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றித் தரும் மென்பொருள் அதையும் சிதைத்துவிடும், அவற்றைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைட்ஸில் Noto Sans Tamil தேர்ந்தெடுக்கலாம்.

எழுத்துரு மாறினால் அகலமும் மாறும், வரி பெட்டியை விட்டு வழியும். `Shrink text on overflow` போட்ட பெட்டிகள்தான் அதிகம் சிக்கல் கொடுப்பவை. சுருக்கும் அளவை ஒவ்வொரு மென்பொருளும் தன் கணக்கில் போடுகிறது. பவர்பாயின்டிலேயே `Do not Autofit` வைத்து, எழுத்தளவைக் கையால் குறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

நாகப்பட்டினம், கல்லூரி மாணவர்: நான் எப்பவும் பிடிஎஃப் ஆக்கித்தான் எடுத்துட்டுப் போவேன். எல்லாம் அப்படியே வருதே?

அமைப்பு வரும், அசைவு ஒன்றும் வராது. அவர்கள் கேட்பது அசைவோடு, திருத்தும்படி. ஆனாலும் பிடிஎஃப் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். மாற்றிய கோப்பைப் பக்கத்தில் வைத்து ஸ்லைடு ஸ்லைடாக ஒப்பிட்டால் எந்தப் பெட்டி நகர்ந்தது என்று உடனே தெரியும்.

திருத்துறைப்பூண்டி, தொண்டு நிறுவனப் பணியாளர்: நாங்க போற ஊர்ல நெட் கிடையாது. லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ்தான். ஸ்மார்ட்ஆர்ட் வட்டமெல்லாம் உடையுது.

அசைவுக்குக் கூகுள் ஸ்லைட்ஸைவிட இம்ப்ரெஸ் மேல். பாதையில் நகர்வது, வைப் இரண்டும் அதில் உண்டு; மார்ஃப் கிடையாது. ஸ்மார்ட்ஆர்ட்டைப் பவர்பாயின்டில் வைத்தே `Convert to Shapes` செய்து, பிறகு கொண்டுபோங்கள். அதன்பின் அது வெறும் வடிவங்கள். புதுப் பெட்டி சேர்த்தால் தானாக ஒதுங்காது. அதனால் மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள்.

அதே பணியாளர்: தலைப்பு நிறத்தை மாஸ்டர்ல மாத்துனேன். நாலு ஸ்லைடு மட்டும் மாறல.

பவர்பாயின்டில் ஒரே மாஸ்டருக்குக் கீழ் இருந்த லேஅவுட்டுகள் இம்ப்ரெஸில் தனித்தனி மாஸ்டராக வந்து நிற்கும். அந்த நான்கும் வேறு லேஅவுட்டாக இருந்திருக்கும். அதன் மாஸ்டரையும் திறந்து மாற்றுங்கள். அப்படியும் மாறாவிட்டால் தலைப்பைச் சாதாரண உரைப்பெட்டியில் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கோப்பைப் பார்க்காமல் எதுவென்று என்னால் சொல்ல முடியாது.